அக்கா வெயிலில் காயவைத்த பேட்டரி

என் அக்கா தில்லையம்மாள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். வாழ்க்கைப்பட்டது கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். உட்கார்ந்தாலும் கையில் ஆய்கிற கீரையோ மடிக்கிற துணியோ இருக்கும். வேலை இல்லாவிட்டால் எங்கிருந்தாவது ஒரு வேலையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டில் எந்தப் பொருளையும் உறை போடாமல் விடமாட்டாள். டிவிக்குப் பூப்போட்ட துணி உறை, மிக்ஸிக்கு ஒரு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட ஒரு உறை. ரிமோட்டைப் பாலிதீன் கவரில் போட்டு மேலே இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பாள்.

"என்னையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருப்பா மச்சான். மூச்சு முட்டிச் செத்துடுவேனேன்னு பாவம் பாத்து வுட்டுட்டா" என்று மாமா சொல்வார்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர் சுப்பராயலு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்தத் தொண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். "செதம்பரம்! ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், செதம்பரம்!" என்று பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு சத்தம் கொடுத்தால், விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்ப்பான். வீட்டிலும் அதே சத்தம்தான். தண்ணீர் கேட்டால் தெருவுக்கே தாகம் எடுக்கும். அக்கா கொல்லையிலிருந்து பதிலுக்குக் கத்துவாள். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் சமாதானம் செய்ய வந்ததும் உண்டு.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு காலை நேரத்தில் அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் புரியும், முகத்தைப் பார்த்தாலே தெரியும். பதில் மட்டும் வராது. வாயைத் திறந்தால் "ஆ" என்று காற்று கலந்த ஒரு சின்ன சத்தம். அது அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். அவருடைய பழைய விசிலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் காற்று அந்தப் பக்கமாகவே போயிற்று, விசில் ஊதவில்லை. அதை அவர் எறியக்கூட இல்லை, தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து சாமி அறையிலிருந்து மணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதைத் தொடவே மாட்டேன் என்று விட்டார். பெண்டாட்டியை மணி அடித்துக் கூப்பிடுவதா என்ற ரோஷம். அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குத்தான் கோபம்.

வழியைக் கண்டுபிடித்தவர் மாமாவேதான். கட்டிலுக்கு எதிரே டிவி. இடது கையில் ரிமோட். ஒருநாள் அக்கா கொல்லைக் குழாயடியில் இருந்தபோது டிவியின் சத்தம் திடீரென்று கூரையைப் பிய்த்தது. என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். மாமா சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காலியாக இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். அவ்வளவுதான், அன்றையிலிருந்து அதுதான் அவர் குரல். சத்தம் ஏறினால் 'வா' என்று அர்த்தம். ஏறி இறங்கி ஏறினால் 'சீக்கிரம் வா, கொல்லைப்பக்கம் போக வேண்டும்'. சத்தத்தை மெதுவாக, இழுத்து இழுத்து ஏற்றினால் 'ஒன்றுமில்லை, சும்மா வா' என்று அர்த்தமாம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல், ஆனாலும் வெட்கப்பட்டாள்.

தெருவுக்கே இந்தப் பாஷை தெரியும். பக்கத்து வீட்டு மாலதி, "அக்கா, மாமா கூப்புடுறாரு பாருங்க" என்று மதில்மேல் எட்டிக் குரல் கொடுப்பாள்.

எனக்குச் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டிவி ரிப்பேர் கடை. இரண்டாயிரத்துப் பத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு காலையில் அக்கா போன் செய்தாள்.

"பாலு, ரிமோட்டு செத்துப்போச்சிடா."

"பேட்டரிய மாத்து."

"ஒண்ணு வந்துடிச்சி. இன்னொண்ணு வெளிய வரமாட்டேங்குது. வெள்ளையா, பச்சையா என்னமோ பூத்துக் கெடக்குது. ஸ்பிரிங்கோட ஒட்டிக்கிச்சி."

"எதையும் நோண்டாத. நான் வர்ற வரைக்கும் தொடாத."

"மாலதி எலுமிச்சம்பழம் புழிஞ்சா வந்துடும்ங்கிறா. புளி போட்டுத் தேய்ச்சா வெளக்கு மாதிரி ஆயிடும்னு நான் நெனைச்சேன்."

"அக்கா, அது குத்துவெளக்கு இல்ல! கசிஞ்சிருக்கிறதே ஆசிட்டு. அதுமேல நீ இன்னொரு புளிப்ப ஊத்தினா மிச்சமிருக்கிற ஸ்பிரிங்கும் கரைஞ்சிடும்."

நான் போனில் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் கத்திவிட்டேன். எனக்கு அப்படித்தான், பொருளுக்கு ஆபத்து என்றால் ஆள் யார் என்று பார்க்கமாட்டேன்.

மழையில் நான் கிளம்ப நாலைந்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் திருப்பூரிலிருந்து அவள் மகள் இசைவாணி எல்லா டிவிக்கும் பொருந்தும் ஒரு ரிமோட்டை வாங்கி அனுப்பியிருந்தாள். அதை அமுக்கினால் டிவி ஓடியது. ஆனால் பட்டன்கள் வேறு இடத்தில், வேறு அளவில். மாமா சத்தம் என்று நினைத்து அமுக்கியது வேறு என்னவோ, திரை முழுக்க நீலமாகிப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. நான்கைந்து முறை முயன்றுவிட்டு அதைச் சுவரில் அடித்துவிட்டார். பழைய ரிமோட்டில் அவர் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். பார்க்காமலே அமுக்குவார். அதே மாடல் வேண்டுமென்று நானும் சென்னையில் தெரிந்த கடைகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

ரிமோட் செத்த மறுநாள் அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாமாவுக்கு அவசரம். கூப்பிட வழியில்லை. தானே எழுந்திருக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்திருக்கிறார். அவள் வந்து பார்த்தபோது ஈரத்தில் கிடந்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அன்றையிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார், சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. அக்கா அந்த அறையை விட்டு நகரவே பயந்தாள். இதை அவள் பிறகு பேசிய போனிலும் சொல்லவில்லை. நான் போய் இறங்கிய பிறகு மாலதிதான் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பஸ் ரூட்டையே ஆட்டிவைத்த மனிதர், ஒரு ஆளைக் கூப்பிட முடியாமல் தரையில் கிடந்தாரே என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

"மாமா, யாரு வந்திருக்கேன் பாருங்க. டிக்கெட் எடுக்காமலே வந்துட்டேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பாலிதீன் கவரின் உள்பக்கம் வியர்த்திருந்தது. மழைக்காலத்து ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிட்டது. போதாததற்குக் கடல் காற்று உள்ள ஊர். பேட்டரிக் குழியில் ஒன்று காலி. மற்றொன்று அடிப்பக்கம் வீங்கி, கசிந்து, உறைந்து, ஸ்பிரிங்கும் பேட்டரியும் ஒரே கட்டியாகக் கிடந்தது. நான் பயந்தது வேறொன்றுக்கு. அந்த மாடலில் பெட்டியைப் பிரிக்கிற ஸ்க்ரூ பேட்டரிக் குழிக்குள்ளேதான் இருக்கும். அதாவது ஒட்டிக்கொண்ட பேட்டரிக்கு நேர் கீழே. பேட்டரி வந்தால்தான் பெட்டி திறக்கும், பெட்டி திறந்தால்தான் ஸ்பிரிங்கைப் பின்பக்கமிருந்து பிடிக்க முடியும். இழுத்த இழுப்பில் ஸ்பிரிங் முறிந்தாலோ, அதைப் பற்றவைத்திருக்கிற இடத்தில் போர்டின் செம்புக்கோடு உரிந்து வந்தாலோ, ரிமோட்டின் கதை முடிந்தது.

"ஸ்க்ரூ டிரைவர வுட்டு ஒரு நெம்பு நெம்புடா" என்றாள் அக்கா.

"நெம்பினா பேட்டரி வந்துடும். கூடவே ஸ்பிரிங்கும் வந்துடும். அப்புறம் ரெண்டையும் நீ கவர் போட்டு வெச்சிக்கலாம்."

"வாய் மட்டும் கொறைச்சலில்ல."

"ஆப்பசோடா இருக்குதா? ஒரு கிண்ணத்துல கொஞ்சம் தண்ணியில கரைச்சிக் கொண்டா. பஞ்சு கொண்டா. மாமாவோட பழைய எக்ஸ்ரே ஒண்ணும் கொண்டா."

"எக்ஸ்ரே எதுக்குடா?"

"கொண்டாயேன்."

கடையில் நான் எக்ஸ்ரே ஃபிலிமைத்தான் வெட்டி வைத்திருப்பேன். மெலிசாக இருக்கும், கிழியாது, உலோகத்தைக் கீறாது. அவசரத்தில் பையில் போட மறந்து வந்திருந்தேன். அக்கா ஒரு பெரிய உறையை எடுத்து வந்தாள். அதற்கும் மேலே ஒரு பாலிதீன் உறை.

"மாமா, உங்க நெஞ்சிலேருந்து ஓரமா ஒரு துண்டு வெட்டிக்கிறேன். இதயத்த வுட்டுடுறேன், அது அக்காவுக்கு" என்றேன்.

சுவர்ப்பக்கம் இருந்த முதுகு லேசாகக் குலுங்கியது. சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். அவர் பார்க்கிறார் என்றதும் கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டேன். எத்தனையோ ரிமோட்டைப் பிரித்திருக்கிறேன், ஒரு மனிதர் தன் தொண்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். ரிமோட்டின் மூக்குப் பக்கத்தை மேலாகவும் வால் பக்கத்தைக் கீழாகவும் சாய்த்துப் பிடித்தேன். ஈரம் போர்டு பக்கம் ஏறிவிடக் கூடாது, வாலுக்குத்தான் வடிய வேண்டும். வடிவதை உறிஞ்ச அங்கே ஒரு பஞ்சு வைத்தேன். பிறகு பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, சோடாத் தண்ணீரில் தோய்த்து, பிழிந்து, பூத்திருந்த இடத்தில் ஒற்றினேன். லேசாக நுரை கிளம்பியது. கசிந்திருந்த புளிப்பைச் சோடா முறிக்கிறது என்று அர்த்தம். அக்கா குனிந்து பார்த்து, "ஆப்பத்துக்கு மாவு பொங்குற மாதிரி இருக்குது" என்றாள்.

"மூஞ்சிய பக்கத்துல கொண்டாராத. கண்ணுல பட்டுடப் போவுது."

ஒற்றுவதும் காத்திருப்பதும் இளகியதைத் துடைப்பதுமாகப் போயிற்று. அவசரப்பட்டால் காரியம் கெடும். கல்லு மாதிரி இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு மாதிரி ஆனது. அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், என் பக்கத்தில் இருந்த செய்தித்தாளின் ஓரத்தை நேராக்கினாள். அடுப்பைப் பார்க்கப் போனவள் பாதி வழியிலேயே திரும்பி வந்தாள்.

எக்ஸ்ரே துண்டை முதலில் பேட்டரியின் மேல்முனைக்கும் அது தொடுகிற தகட்டுக்கும் நடுவே நுழைத்தேன். அந்தப் பக்கம் ஒட்டவில்லை, சுலபமாகப் பிரிந்தது. பிறகு இரண்டு பக்கவாட்டிலும் விட்டு, பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்ததை விடுவித்தேன். மிச்சம் இருந்தது ஸ்பிரிங் பக்கம் மட்டும். ஆரோக்கியமான ஸ்பிரிங் என்றால் பேட்டரியை அதன்மேல் அழுத்தி மறுமுனையைத் தூக்கிவிடலாம். இதை அழுத்தினால் துருப்பிடித்த சுருள் ஒடிந்துவிடும். அதனால் அழுத்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பேட்டரியைக் கட்டைவிரலால் இருந்த இடத்திலேயே உருட்டப் பார்த்தேன். நூல் அளவு இந்தப் பக்கம், நூல் அளவு அந்தப் பக்கம். நகரவில்லை. மறுபடியும் சோடா. மறுபடியும் உருட்டல்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஸ்பிரிங் முறிந்தாலும் அதே சத்தம்தான், உறைந்த உப்பு விட்டாலும் அதே சத்தம்தான். அறையில் மழைச் சத்தம் மட்டும். மாமா கண்ணைக் கொட்டாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி உருட்டினேன். இந்த முறை பேட்டரி சுழன்றது, ஸ்பிரிங் சுழலவில்லை. மேல்முனையைத் தூக்கி, மரையைக் கழற்றுகிற மாதிரி மெல்லத் திருப்பித் திருப்பி எடுத்தேன். பேட்டரி தனியாக வந்தது. ஸ்பிரிங் அதன் இடத்திலேயே நின்றது. கறுத்திருந்தது, முலாம் அங்கங்கே போயிருந்தது, ஆனால் ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை.

"வந்துடிச்சிங்க!" என்று அக்கா மாமாவைப் பார்த்துக் கத்தினாள். மாமாவின் இடது கை விரல்கள் போர்வையை இறுகப் பிடித்திருந்தன, அப்போதுதான் விட்டன.

அதற்குப் பிறகு வேலை சுலபம். ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியைப் பிரித்தேன். நல்லவேளை, கசிவு போர்டு வரை போகவில்லை. ஸ்பிரிங்கை இன்னொரு முறை சோடாவால் துடைத்து, ஈரப் பஞ்சால் சோடாவைத் துடைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டேன். பேட்டரி தொடும் சுற்றையும் தகட்டையும் மட்டும் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். உப்புத்தாள் போட்டால் பளபளக்கும், ஆனால் மிச்ச முலாமும் போய்விடும், அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். முலாம் போன குறைக்கு ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு பொட்டு ஈயம் பற்றவைத்தேன். வேலையெல்லாம் முடிந்து கையைத் துடைக்கும்போதுதான் செய்தித்தாள்மேல் கிடந்த அந்த இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஒன்று கொஞ்சம் புதிது. கசிந்தது பழையது, வேறு கம்பெனி. அந்தப் பழையதின் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. அப்படி வெளுக்க ஒரே வழிதான் உண்டு.

"அக்கா, இத வெயில்ல காயவெச்சியா?"

அவள் கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எத்தினி தடவ சொல்லியிருக்கேன்? தீந்துபோன பேட்டரிய சூடு பண்ணினா கொஞ்ச நேரம் உயிர் வந்த மாதிரி நடிக்கும். அதோட துத்தநாகக் கூடு ஏற்கனவே அரிச்சிப்போயிருக்கும். மேல மேல ஓட்டினா ஓட்டையாகிக் கசியாம என்னா பண்ணும்? இதுல புதுசையும் பழசையும் ஜோடி சேத்து வேற போட்டிருக்க. இந்தக் கஞ்சத்தனத்துனால மாமா தரையில கெடந்தாரே!"

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். அடுப்பில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சத்தனம் இல்லடா" என்றாள்.

"பின்ன?"

"அவுங்க ராவுல தூங்க மாட்டாங்க. நானும் தூங்க மாட்டேன். பகல்ல சோறு போட்டு, வாய் தொடைச்சி, நான் கொஞ்சம் தலைய சாய்ப்பேன், டிவி கத்தும். ஓடுவேன். ஒண்ணும் இருக்காது, சும்மா கூப்புட்டிருப்பாங்க. வந்து படுப்பேன், மறுபடியும் கத்தும். ஒரு நாளு நெசமாவே பேட்டரி தீந்துபோச்சி. வெயில்ல வெச்சி எடுத்தாரேன்னு கழட்டிக்கினு போயி மதில்மேல வெச்சேன். அன்னிக்கி ஒரு மணி நேரம் தூங்கினேன் பாரு. வாந்தியெடுத்து முடிச்ச மாதிரி ஒடம்பே லேசாயிடுச்சி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் தெனமும் மதியானத்துல, பேட்டரி வீக்கா இருக்குது, காயவெச்சி எடுத்தாரேன்னு கழட்டிக்கினு போயிடுவேன். புதுசு வாங்கிப் போட்டா அத சொல்ல முடியாதில்ல? அதனால வாங்கல. ஒண்ணு மதில்லேருந்து வுழுந்து சாக்கடையில போயிடுச்சி, அதுக்குப் பதிலா மட்டும் ஒண்ணு வாங்கினேன். அப்புறம் மழை புடிச்சிக்கிச்சி. வெயிலு இல்ல. என்னா சொல்லிக் கழட்டுறது? அதுங்க உள்ளயே கெடந்து இப்புடி ஆயிடுச்சி."

கரண்டியைக் குழம்பில் விட்டுக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை.

"ஊமையா படுத்திருக்கிற மனுஷன்கிட்ட இருந்த ஒரே சத்தத்தையும் புடுங்கிக்கினு போயி தூங்கினேன்டா நான். அதுக்குத்தான் சாமி இப்புடிப் பண்ணிச்சி."

"சாமிக்கு வேற வேலையில்லையா" என்றேன். எனக்கு அக்காமேல் அப்போது வந்த பாசத்தை எப்படிக் காட்டுவதென்று தெரியவில்லை. "கொழம்பு அடி புடிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

சின்ன வீடு. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதிலும் கதவில்லாத வாசல். மாமா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். இடது கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு அடிக்கடி கண்ணில் நீர் வழியும், அதனால் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பையிலிருந்து இரண்டு புதுப் பேட்டரியை எடுத்து, ஒரே கம்பெனி, ஒரே அட்டை, குழியில் போட்டேன். ஸ்பிரிங்கில் வாஸலின் களிம்பை லேசாகத் தடவியிருந்தேன். என் செல்போனின் கேமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே காட்டி ஒரு பட்டனை அமுக்கினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், திரையில் ஊதாப் பொட்டாக மின்னியது. மாமாவுக்கும் காட்டினேன். பாலிதீன் கவரை மட்டும் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன், விட்டால் அக்கா மறுபடியும் மாட்டிவிடுவாள். ரிமோட்டை மாமா கையில் வைத்தேன்.

கட்டைவிரல் தன் இடத்தைத் தானே தேடிப் போய் உட்கார்ந்தது. டிவியைப் போட்டேன், யாரோ ஒருவர் உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் மெதுவாக, இழுத்து இழுத்து ஏறியது. வீட்டை நிறைத்தது, மதிலைத் தாண்டியது. பக்கத்து வீட்டிலிருந்து மாலதி, "அக்கா! மாமா பேசிட்டாரு!" என்று கத்தினாள்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்து வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உரக்காரர் கத்திக்கொண்டே இருந்தார், மாமா குறைக்கவே இல்லை.

"போதும், காது கிழியுது" என்றாள். பிறகுதான் குறைத்தார்.

சாப்பாடு ஆயிற்று. பல நாளைக்குப் பிறகு மாமா முழுக்கச் சாப்பிட்டார். அக்கா ஊட்டி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்தாள். பிறகு வழக்கம்போல வேலை தேட ஆரம்பித்தாள். நான் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். மழை விட்டிருந்தது, ஆனால் வெயிலின் சுவடே இல்லை, வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது.

டிவி நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாமா ரிமோட்டைக் கவிழ்த்துத் தன் மார்பின்மேல் வைத்திருந்தார். இடது கட்டைவிரலால் பின்மூடியைத் தள்ளப் பார்த்தார். மார்பில் வைத்து அழுத்தி, நழுவவிட்டு, மறுபடி அழுத்தினார். உதவலாம் என்று எழுந்தேன், கண்ணாலேயே உட்கார் என்றார். மூடி திறந்தது. ஒரு பேட்டரியை அவரே விரலால் நெம்பி எடுத்தார், பிறகு அடுத்ததை. ஸ்பிரிங் புதுசு மாதிரி ஒழுங்காக விட்டுக்கொடுத்தது.

"ஆ" என்றார். நான் குரல் கொடுத்ததும் அக்கா தட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.

கையை நீட்டினார். இரண்டு பேட்டரிகளும் உள்ளங்கையில் இருந்தன. அக்காவுக்கு முதலில் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். அவர் பேட்டரிகளை அவளுடைய உள்ளங்கையில் கொட்டி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு உள்ளறையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் கண்ணால் காட்டினார்.

"வெயிலே இல்லையேங்க" என்றாள் அக்கா.

மாமா தலையை ஆட்டினார். வெயில் இல்லை என்பது தனக்கும் தெரியும் என்கிற மாதிரி. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"நீ போக்கா. நான் இருக்கேன்" என்றேன்.

பேட்டரிகளை மூடிய கையோடு போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குறட்டை கேட்டது. நல்ல பெரிய குறட்டை. நான் மாமா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து அவர் என் விரலைப் பிடித்து அழுத்தினார். "தண்ணியா மாமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

கோணிய வாயில் ஒரு விரலை வைத்து, உள்ளறைப் பக்கம் காட்டி, சத்தம் போடாதே என்றார்.